திசைக் கணக்கில் இடமா வலமா என்று குழப்பமா? தாளைத் திருப்புங்கள்

போட்டித் தேர்வுகளில் வரும் திசைக் கணக்கை மனத்திலேயே போட வேண்டாம், தாளில் வரைந்துவிடுங்கள். மேலே வடக்கு, வலப்பக்கம் கிழக்கு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் வடக்கே 10 மீட்டர் நடக்கிறார். வலப்பக்கம் திரும்பி 4 மீட்டர், மறுபடி வலப்பக்கம் திரும்பி 2 மீட்டர், பிறகு இடப்பக்கம் திரும்பி 2 மீட்டர் நடந்து நிற்கிறார். புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசை?

சறுக்குவது கடைசித் திருப்பத்தில்தான். அப்போது அவர் தெற்கு பார்த்து நிற்கிறார். தெற்கு நோக்கி நிற்பவரின் இடக்கை கிழக்கே இருக்கும். நம் இடக்கையை நினைத்து மேற்கே கோடு இழுத்துவிடுகிறோம். சந்தேகம் வந்தால் அவர் நடக்கும் திசை மேலே வரும்படி தாளையே சுற்றிவிடுங்கள். அப்போது அவர் இடப்பக்கமும் நம் இடப்பக்கமும் ஒன்றாகிவிடும்.

சரி, இனி கூட்டல் கழித்தல். வடக்கே 10, தெற்கே 2, ஆக வடக்கே 8. கிழக்கே 4, மேலும் 2, ஆக 6. இந்த இரண்டும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்கள். 8² + 6² = 64 + 36 = 100; வர்க்கமூலம் 10. அவர் 10 மீட்டர் தூரத்தில், வடகிழக்கில் நிற்கிறார்.

மேற்கே திரும்பியிருந்தால் √68 வந்திருக்கும். விடைகளில் அப்படி ஒன்று இல்லையென்றால் திருப்பங்களை மறுபடி பாருங்கள். அப்புறம், ‘அவர் நிற்கும் இடத்திலிருந்து புறப்பட்ட இடம் எந்தத் திசை?’ என்று கேட்டால் விடை தென்மேற்கு.