கேம் முடிந்துவிட்டது, கீயை யாருக்கு அனுப்புவது?

கேமை விளையாடிக் காட்டும் ஸ்ட்ரீமருக்கும் பத்திரிகைக்காரருக்கும் கீ, அதாவது கேமை இலவசமாகத் திறக்கும் குறியீடு, அனுப்பும் மடலில் நிறைய பேர் செய்யும் முதல் தவறு, தங்கள் கதையில் தொடங்குவது. "நாங்கள் இரண்டு பேர், மூன்று வருடம் உழைத்தோம்" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எதிர்ப்பக்கம் இருப்பவர் அன்றைக்கு அப்படிப்பட்ட மடல்களை எத்தனையோ பார்த்திருப்பார். அவருக்குத் தெரிய வேண்டியது, இது என்ன கேம், எப்போது வருகிறது, எங்கே பார்ப்பது, கீ எங்கே என்பதுதான்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். புயலில் வரும் கப்பல்களை ஒரு கலங்கரை விளக்கக் காவலர் வழிநடத்தும் புதிர் கேம். முடிக்க நான்கு மணி நேரம் ஆகும். ஸ்டீமில் அடுத்த மாதம் 14ஆம் தேதி வெளியீடு. இந்த மூன்று வரிகளும் மடலின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். அப்புறம் விளையாட்டே தெரிகிற ஒரு சின்ன ஜிஃப், டிரெய்லர் இணைப்பு, படங்களும் விவரங்களும் உள்ள பிரஸ் கிட்டின் இணைப்பு, கீ. "வேண்டுமென்றால் சொல்லுங்கள், கீ அனுப்புகிறோம்" என்று எழுதினால் அவருக்கு இன்னொரு மடல் எழுதும் வேலை வைக்கிறோம். நாமே தேடிப் பிடித்து, இவருக்குத்தான் என்று முடிவு செய்தவருக்கு முதல் மடலிலேயே கீயை வைத்துவிடுங்கள்.

அந்தக் கீயிலும் ஒரு பொறி இருக்கிறது. டெவலப்பர்களுக்கான ஸ்டீமின் தளமான ஸ்டீம்வொர்க்ஸில் கீ கேட்கும்போது இரண்டு வகை உண்டு. `Default Release` வகையை வெளியீட்டுக்கு முன்பே ஸ்டீம் கணக்கில் சேர்த்துவிடலாம், ஆனால் வெளியீட்டு நாள் வரை விளையாட முடியாது. முன்கூட்டியே விளையாட விட வேண்டுமென்றால் `Release State Override` வகைதான் வேண்டும். இது தெரியாமல் முதல் வகையை அனுப்பினால், ஸ்ட்ரீமர் கீயைப் போடுவார், கேம் திறக்காது, அவர் அடுத்த கேமுக்குப் போய்விடுவார். திரும்பி வந்து புகார் சொல்பவர்கள் அபூர்வம், அதனால் தவறு நடந்ததே நமக்குத் தெரியாது. கீ கோரிக்கைக்கு ஸ்டீமை நடத்தும் வால்வ் ஒப்புதல் தர வேண்டும் என்பதால், கையில் கீ இருக்க வேண்டிய நாளுக்குச் சில நாட்கள் முன்பே கேட்டு வையுங்கள்.

கீ வந்ததும் ஒன்றை நீங்களே சோதியுங்கள். டெவலப்பர் கணக்கில் சோதித்துப் பயனில்லை, அதற்கு எல்லாம் திறந்திருக்கும். புதிதாக ஒரு ஸ்டீம் கணக்கு தொடங்கி, கீயைப் போட்டு, வேறொரு கணினியில் இறக்கிப் பாருங்கள். பில்டை, அதாவது கேமின் கோப்புகளை, எல்லோருக்கும் போகும் default கிளையில் போட மறந்திருந்தால் கேம் நூலகத்தில் தெரியும், ஆனால் இறங்காது. இன்னொன்று, கீ வாங்கியவர்கள் விளையாடுவது வழக்கமாக அந்த default கிளையைத்தான். விமர்சகர்கள் விளையாடிக்கொண்டிருக்கும் வாரத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு "சின்னத் திருத்தம்" ஒன்றை அதில் தள்ளாதீர்கள். தனிக் கிளையில் சோதித்துவிட்டு மாற்றுங்கள்.

வெளியீடு நெருங்கியதும் மடல்கள் எதிர்த்திசையில் வரத் தொடங்கும். "என் சேனலுக்கு மூன்று லட்சம் சந்தாதாரர்கள், மூன்று கீ அனுப்புங்கள், ஒன்று எனக்கு, இரண்டு ரசிகர்களுக்குப் பரிசாக." சேனல் நிஜமாகவே இருக்கும், மடல் மட்டும் அந்தச் சேனல்காரருடையதாக இருக்காது. பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி ஜிமெயில் கணக்கு தொடங்கி, வாங்கிய கீயை மறுவிற்பனைத் தளங்களில் விற்கும் ஆட்கள் இவர்கள்.

இதில் நம்மவர்கள் செய்யும் தவறு, சேனலைப் போய்ப் பார்த்துவிட்டு "ஆமாம், பெரிய சேனல்தான்" என்று திருப்திப்படுவது. பார்க்க வேண்டியது முகவரியை. யூடியூப் சேனலின் விவரப் பகுதியில் வணிக மின்னஞ்சல் இருக்கும், கூகுள் கணக்கில் நுழைந்தால் காட்டும். ட்விட்சில் பெரும்பாலும் சேனல் பக்கத்தின் கீழே எழுதியிருப்பார்கள். வந்த மடலுக்குப் பதில் போடாமல், அங்கே இருக்கும் முகவரிக்குப் புதிதாக ஒரு மடல் எழுதிக் கேளுங்கள். நிஜ ஆளாக இருந்தால் பதில் வரும். எத்தனை கேட்டாலும் ஒரு கீதான். ஸ்டீமில் கேம்களைப் பரிந்துரைக்கும் கியூரேட்டர் என்று சொல்பவருக்கு மடலில் கீயே வேண்டாம். ஸ்டீம்வொர்க்ஸில் உள்ள கியூரேட்டர் கனெக்ட் வழியாக அனுப்பினால் பிரதி நேராக அந்தக் கியூரேட்டர் கணக்குக்கே போகும், விற்க முடியாது. "கீ கொடுங்கள், நல்ல விமர்சனம் போடுகிறேன்" என்பவரைப் பற்றி ஒரே வார்த்தை: கீயால் கேமைப் பெற்றவர்களின் விமர்சனம் 2016 செப்டம்பரிலிருந்து ஸ்டீமின் மதிப்பெண்ணில் சேருவதில்லை.

எந்தக் கீ யாருக்குப் போனது என்று ஓர் அட்டவணை வைத்திருங்கள். விற்பனைக்கு வந்த கீ ஒன்று கண்ணில் பட்டால், அது யாரிடமிருந்து கசிந்தது என்று தெரியும், அதை மட்டும் ரத்து செய்யலாம். ஒவ்வொரு கீயும் பயன்படுத்தப்பட்டதா என்று ஸ்டீம்வொர்க்ஸிலேயே பார்க்கலாம். பயன்படுத்திவிட்டு வீடியோ போடாதவர் ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அது சகஜம்.

பிரஸ் கிட்டைப் பொறுத்தவரை ஒரு பக்கம் போதும். வெளியீட்டுத் தேதி, விலை, தளங்கள், இரண்டு பத்தி விளக்கம், ஐந்தாறு ஸ்கிரீன்ஷாட், பின்னணி இல்லாத லோகோ. ஸ்ட்ரீமர்களுக்காகக் கதாபாத்திரத்தின் பின்னணி இல்லாத படம் ஒன்றையும் சேருங்கள், தம்ப்நெயில் செய்ய அதைத்தான் தேடுவார்கள். என் முதல் கேமுக்கு இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து, டிரைவ் ஃபோல்டரைப் பொதுவில் திறக்க மறந்துவிட்டேன். அனுமதி கேட்டு வந்த மடல்கள் ஸ்பாமில் கிடந்ததை வெளியீட்டுக்கு அப்புறம்தான் பார்த்தேன். கணக்கில் நுழையாத பிரவுசரில் ஒருமுறை இணைப்பைத் திறந்து பார்த்திருந்தால் போதும்.

கிட்டில் பலர் விட்டுவிடும் ஒரு வரி உண்டு: இந்தக் கேமை வீடியோவாகப் போட்டு வருமானம் ஈட்டலாம், தனியாக அனுமதி கேட்க வேண்டாம். அதை எழுதுவதற்கு முன் இசையைச் சரிபார்க்க வேண்டும். இசையமைப்பாளர் பாடல்களை ஸ்பாட்டிஃபையில் ஏற்ற ஒரு விநியோகச் சேவைக்குக் கொடுத்திருப்பார். அந்தப் படிவத்தில் யூடியூப் கன்டென்ட் ஐடி என்று ஒரு தேர்வு இருக்கும். அதை டிக் செய்திருந்தால், உங்கள் கேமை விளையாடிப் போடும் வீடியோக்கள் மேல் யூடியூப் தானாகவே உரிமைக் கோரிக்கை போடத் தொடங்கும், விளம்பர வருமானம் இசை உரிமையாளருக்குப் போகும். அதைப் பார்த்த ஸ்ட்ரீமர் வீடியோவை எடுத்துவிடுவார், உங்கள் அடுத்த கேமையும் தொடமாட்டார். இசையமைப்பாளர் மேல் தவறில்லை, இதை அவரிடம் யாரும் கேட்டதில்லை. கீ அனுப்புவதற்கு முன், எல்லா இசையும் வருகிற மாதிரி விளையாடிப் பதிவு செய்து யூடியூபில் பிரைவேட்டாக ஏற்றிப் பாருங்கள். ஏற்றும்போதே காப்புரிமைச் சோதனை நடக்கும். கோரிக்கை வந்தால் விநியோகச் சேவையிடம் சொல்லி அந்தக் கன்டென்ட் ஐடி பதிவை நீக்கச் சொல்லலாம். அதற்கு நாளாகலாம், அதனால்தான் முதலிலேயே பார்க்கச் சொல்கிறேன்.

நேரம் பற்றியும் ஒன்று. இரண்டு மூன்று வாரம் முன்பே கீ அனுப்புங்கள். எம்பார்கோ, அதாவது இந்த நேரத்துக்கு முன் எதையும் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை, இருந்தால் தேதியோடு மணியையும் நேர மண்டலத்தையும் எழுதுங்கள். "14ஆம் தேதி காலை 10 மணி" என்று மட்டும் போட்டால், சென்னையில் காலை பத்தா, சியாட்டிலில் காலை பத்தா? சியாட்டிலின் பத்து மணி கோடையில் நமக்கு இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. பதில் வராதவர்களுக்கு வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன் ஒரே ஒரு நினைவூட்டல், அதே மடல் இழையில், கீயை மறுபடியும் ஒட்டி.