புது ஆள் கேட்டு ஃபைனான்ஸுக்கு மெமோ எழுதுவது எப்படி?

எங்கள் பில் பாஸிங் பிரிவுக்கு இன்னொரு ஆள் கேட்டு அனுப்பிய மெமோ அப்ரூவல் ஆகி வந்தது. அதே மாதிரியில் இங்கே ஒன்றை எழுதிக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்காக, முழு எண்களாக வைத்தவை. மெமோ ஒரே பக்கம், கணக்கு தனி எக்செல் ஷீட். பிரசன்டேஷன் வேண்டாம், ஃபைனான்ஸ்காரர்கள் ஃபார்முலாவைத் திறந்து பார்க்காமல் நம்ப மாட்டார்கள்.

1. வேலையை மணிநேரமாக மாற்றுங்கள்

"எல்லாரும் ராத்திரி எட்டு மணி வரை இருக்கிறோம்" என்பது புலம்பல்தான், ஆதாரம் ஆகாது. இஆர்பியிலிருந்து கடைசி ஆறு மாத பில் எண்ணிக்கையை எடுங்கள். டைம்ஷீட்டைவிட சிஸ்டம் பதிவுதான் எனக்குப் பிடிக்கும், அதில் யாரும் கைவைக்க முடியாது.

எல்லா பில்லுக்கும் ஒரே சராசரி போடாதீர்கள். பர்ச்சேஸ் ஆர்டரும் ஜிஆர்என்னும் பில்லோடு பொருந்தினால் 9 நிமிடம். விலையோ அளவோ இடித்தால் ஸ்டோர்ஸுக்கும் பர்ச்சேஸுக்கும் போன் போட்டே 30 நிமிடம் போய்விடும். மாதம் 2,000 பில்லில் 400 இப்படி இடிக்கிறது, மாதக் கடைசி வேலைக்கு 50 மணி நேரம் என்று வைத்தால்:

```
=(1600*9+400*30)/60+50
```

விடை 490 மணி நேரம். இந்த நிமிடங்களை மனசுக்குத் தோன்றியபடி போடாமல், ஒரு வாரம் சில பில்களைக் கடிகாரம் வைத்துப் பார்த்து எடுங்கள்.

2. ஒரு ஆளிடம் உண்மையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது?

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்த இடம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், மாதம் 22 நாள், ஆக 176 என்று போட்டால் இப்போது பிரிவில் இருக்கும் மூன்று பேருக்கு 528 வரும். 490 மணி நேர வேலைக்கு ஆள் மிச்சம் என்று மெமோ திரும்பி வந்துவிடும்.

வருடத்தில் வார நாட்கள் 260. பண்டிகை விடுமுறை 12, எடுக்கும் லீவு 18 கழித்தால் 230. மீட்டிங், மெயில், டீ எல்லாம் போக நாளைக்கு 6.5 மணி நேரம்தான் பில்லில் கை இருக்கும். 230 × 6.5 = 1,495; அதாவது மாதம் சுமார் 125 மணி நேரம். மூன்று பேருக்கு 375. பற்றாக்குறை 115 மணி நேரம், கிட்டத்தட்ட முழுசாக ஒரு ஆள். அந்த 6.5 எப்படி வந்தது என்று ஷீட்டிலேயே ஒரு வரி எழுதிவையுங்கள், முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வரும்.

3. அவர்கள் கேட்கும் முன்பே மாற்று வழியை எழுதுங்கள்

"இடிக்கிற பில்லைக் குறைத்தால் ஆளே வேண்டாமே?" நியாயமான கேள்வி. அந்த 400-இல் ஜிஆர்என் தாமதத்தால் வருவது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். 100 என்றால், அதைச் சரிசெய்வதால் பில்லுக்கு 21 நிமிடம் வீதம் 35 மணி நேரம் மிச்சமாகும். அப்போதும் 80 மணி நேரம் துண்டு விழும். ஒருவேளை துண்டு 30, 40 மணி நேரமாகச் சுருங்கினால் நிரந்தர ஆள் கேட்காதீர்கள், பகுதி நேர உதவி போதும்.

4. செலவை முழுதாகக் காட்டுங்கள்

சம்பளம் 30,000, அதில் பேசிக் 15,000 என்று வைப்போம். கம்பெனி தரப்பு பி.எஃப். நிர்வாகக் கட்டணமும் சேர்த்து 13%, அதாவது 1,950. கிராஜுவிட்டி ஒதுக்கீடு 4.81%, சுமார் 722. வருடத்துக்கு 3.92 லட்சம். இன்சூரன்ஸும் சாஃப்ட்வேர் லைசென்ஸும் 26,000 சேர்த்தால் 4.18 லட்சம். லேப்டாப், கன்சல்டன்ட் ஃபீஸ் என்று ஒரே முறை ஆகும் செலவு 75,000.

இதை இரண்டு வரியாகக் கொடுங்கள். அக்டோபரில் சேர்ந்தால் இந்த நிதியாண்டுக்கு 2.84 லட்சம், அடுத்த ஆண்டு முழுதாக 4.18 லட்சமும் இன்கிரிமென்ட்டும். பட்ஜெட்டில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பவருக்கு முதல் வரிதான் முக்கியம்.

5. ஆள் வராவிட்டால் என்ன நஷ்டம்?

"திறன் கூடும்" என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். எம்எஸ்எம்இடி சட்டப்படி குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் போக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அந்த வட்டியை வருமான வரியில் செலவாகக் கழிக்கவும் முடியாது. பில் பாஸாகாமல் 45 நாளைத் தாண்டிய இப்படிப்பட்ட வெண்டர் பாக்கியை வயது வாரியாக இணையுங்கள். எங்கள் மெமோவில் சி.எஃப்.ஓ. முதலில் திறந்தது அந்த இணைப்பைத்தான்.

பின்சேர்க்கை: "கான்ட்ராக்ட் ஆள் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், மலிவா?" என்று கமென்ட்டில் ஒருவர் கேட்டிருந்தார். ஏஜென்சி கமிஷன் கூடுதல் செலவுதான். 18% ஜிஎஸ்டிக்கு உங்கள் கம்பெனி கிரெடிட் எடுக்க முடிந்தால் அதைச் செலவில் சேர்க்காதீர்கள். இரண்டையும் ஒரே ஷீட்டில் பக்கத்துப் பக்கத்தில் போட்டு அனுப்புங்கள்.