அழுத்தத்தை இறங்கவிடாத ஓர் அறை

மாறும் காற்றளவு ஏ.சி. அமைப்புக்கு நான் எழுதிய இயக்க வரிசையில், காற்றுக்குழாயின் நிலை அழுத்த இலக்கு நாள் முழுவதும் உச்சவரம்பிலேயே நின்றது. மற்ற அறைகளுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் டேம்பர்கள் பாதிகூடத் திறக்காதபோதும் விசிறி இரைந்துகொண்டிருந்தது. பதிவுகளைப் புரட்டினேன், ஓர் அறையின் டேம்பர் மட்டும் எப்போதும் முழுதாகத் திறந்திருந்தது. "எந்த டேம்பர் 95 சதவீதத்தைத் தாண்டினாலும் அழுத்தத்தை உயர்த்து" என்ற என் வரியே பிழை.

மாற்றி எழுதினேன். 95ஐத் தாண்டும் டேம்பர் ஒரு கோரிக்கை அனுப்பும்; 85க்குக் கீழே வந்தால்தான் அது நீங்கும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை இலக்கு 12 பாஸ்கல் குறையும். இரண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கோரிக்கைக்கும் 15 பாஸ்கல் கூடும். இலக்கு மெல்ல இறங்கியது.

ஆனால் அந்த அறையை அப்படியே விட மனம் வரவில்லை. கூரைப் பலகையை விலக்கிப் பார்த்தால், நெகிழ்குழாய் மடங்கி நசுங்கிக் கிடந்தது.