ஒரே மாத்திரைக்குள் ஒளிந்திருந்த இரண்டு மருந்துகள்: என் அனுபவம்

அப்பாவுக்குச் சிறுநீரக நோய். சிறுநீரகம் தளரத் தளர ரத்தத்தில் கூடும் கழிவான கிரியேட்டினின் வழக்கமாக 1.6. வயிற்றுப்போக்கு வந்த பிறகு எழுந்து நின்றாலே தலைசுற்றல், சிறுநீர் குறைவு. பரிசோதித்ததில் 2.7.

ஆய்வகத்தின் பிழையோ என்று மறுபடி சோதித்தோம், அதே அளவுதான். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தும் சிறுநீர் தேறவில்லை.

வழி கிடைத்தது மாத்திரை அட்டையின் பின்புறத்தில். 'பிரஷர் மாத்திரை' என்று நாங்கள் சொன்னதில் டெல்மிசார்டனோடு ஹைட்ரோகுளோரோதயசைடும் இருந்தது. பின்னது சிறுநீரைப் பெருக்கி நீரிழப்பைக் கூட்டும். முன்னது, ரத்த ஓட்டம் குறையும்போது வடிகட்டும் அழுத்தத்தைத் தக்கவைக்கச் சிறுநீரகம் செய்யும் முயற்சியைத் தடுக்கும். சர்க்கரை மாத்திரையில் மெட்ஃபார்மினோடு டாபாகிளிஃப்ளோசின். சிறுநீரகம் தளர்ந்தால் மெட்ஃபார்மின் உடலில் தேங்கி ரத்தத்தை அமிலமாக்கலாம். மற்றது சர்க்கரை அளவு அவ்வளவாக ஏறாமலே கீட்டோன் அமிலத்தைக் கூட்டிவிடும். அதன் அறிகுறியும் வயிற்றுக் கோளாறில் வருவது போன்ற வாந்திதான் என்பதால் எளிதில் தவறிப்போகும்.

அட்டைகளைப் பார்த்த மருத்துவர் இரண்டையும் நிறுத்தச் சொன்னார். உடல்வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கூடாது, பாராசிட்டமால் போதும் என்றார். இன்சுலினையும் ஸ்டீராய்டையும் மட்டும் தானாக நிறுத்தவே கூடாது. இதயச் செயலிழப்புக்காக நீர்மாத்திரை எடுப்பவர்களும் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

சிறுநீர் திரும்பியது. வழக்கம்போல் சாப்பிட்டு, குடித்து 24 முதல் 48 மணி நேரம் ஆனபின் மாத்திரைகளைத் தொடங்கினோம். ஒரு வாரம் கழித்து கிரியேட்டினின் 1.7, பொட்டாசியமும் பார்த்துக்கொண்டோம். வாந்தியில் தண்ணீரே தங்கவில்லை, சிறுநீர் நின்றுவிட்டது, மயக்கம், மூச்சு வாங்குதல் என்றால் வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைதான்.