பால் கவரின் மூலையை வெட்டி எறியாதீர்கள்: வீட்டுக் குப்பையைப் பிரிக்கும் முறை

வீட்டுக் குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னவை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். பச்சை, நீலத் தொட்டிகள் வாங்கி வைத்த வீடுகளிலும் இது குழம்பிப்போவதற்கு ஈரம்தான் முக்கியக் காரணம். சாம்பார் பட்ட செய்தித்தாளைப் பழைய பேப்பர்க்காரர் தொடமாட்டார்.

1. அடுப்படி வாளி

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மூடியுள்ள 8 முதல் 10 லிட்டர் வாளி ஒரு நாளைக்குப் போதும். உள்ளே பிளாஸ்டிக் பை போடாமல், செய்தித்தாளை இரண்டாக மடித்து அடியில் விரியுங்கள். மிச்சமான ரசம், மோர், குழம்பை முதலில் வடிகட்டி, சக்கையை மட்டும் வாளியில் போடுங்கள். அடியில் நீர் தேங்கினால் காற்று புகாது. அதனால்தான் மறுநாளே அழுகல் நாற்றம் வருகிறது. காய்த்தோல், டீத்தூள், முட்டை ஓடு, மீன் முள், வாழையிலை எல்லாம் இதில் சேரும். தேங்காய் ஓடு மக்க நெடுநாள் ஆகும். தனியே எடுத்து வையுங்கள்.

2. காய்ந்த குப்பைக்கு அரிசிப் பை

25 கிலோ அரிசிப் பை ஒன்றைத் தண்ணீர் படாத இடத்தில் மாட்டுங்கள். இதற்குள் போகும் எதுவும் உலர்ந்திருக்க வேண்டும்.

பால் கவரையே எடுத்துக்கொள்வோம். மூலையை முழுதாக வெட்டினால் அந்தச் சின்னத் துண்டு காய்த்தோலோடு வாளிக்குள் போய்விடும். உரக்குழியில் அது மக்காது. பொறுக்கி எடுக்கவும் முடியாது. அதனால் துண்டு விழாமல் பாதி மட்டும் வெட்டுங்கள். பாலை ஊற்றியதும் கவருக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்குங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். பிறகு கவரைத் தலைகீழாக கிளிப்பில் மாட்டி, காய்ந்ததும் பையில் போடுங்கள். தயிர் டப்பா, எண்ணெய் கவர், பார்சல் டப்பா எல்லாவற்றுக்கும் இதே முறைதான். எண்ணெய் ஊறிய பஜ்ஜிக் காகிதம் மட்டும் அடுப்படி வாளிக்குப் போகட்டும்.

3. குழந்தைகளுக்கு எட்டாத டப்பா

பேட்டரி, காலாவதியான மாத்திரை, கரப்பான் மருந்து கேன், பெயின்ட் மிச்சம் ஆகியவற்றை மூடியுள்ள கெட்டியான டப்பாவில் சேர்த்து, தனியாகக் கொடுங்கள். செல்போன் பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டுங்கள். குப்பை லாரியில் அது நசுங்கினால் தீப்பிடிக்கலாம். உப்பியிருந்தால் வீட்டில் சேர்த்து வைக்காமல் உடனே மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். டியூப்லைட்டில் பாதரசம் இருப்பதால் உடைக்காமல், வந்த அட்டை உறையிலேயே வையுங்கள்.

இன்சுலின் ஊசியைத் திருகுமூடி போட்ட கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேருங்கள். உடைந்த கண்ணாடியைப் பல மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதுங்கள். நாப்கின், டயப்பரையும் காகிதத்தில் சுற்றிச் சிவப்பு மையால் குறியிட்டுத் தனியாகக் கொடுங்கள். தூய்மைப் பணியாளர் பையைத் திறந்து வெறுங்கையால் துழாவும்போது அந்த எழுத்தும் குறியும்தான் அவருக்குப் பாதுகாப்பு.

ஒரு வாரம் கழித்து அரிசிப் பையைத் திறந்து முகர்ந்து பாருங்கள். நாற்றம் அடித்தால் கழுவாத கவர் ஒன்று உள்ளே இருக்கிறது, தேடி எடுங்கள்.