முழுக்கூட்டி: ஐந்து கேட்டுகளிலிருந்து நான்கு பிட் கூட்டி வரை

இரண்டு இரும எண்களைத் தாளில் கூட்டும்போது, ஒவ்வோர் இடத்திலும் மேலும் கீழும் உள்ள இரண்டு பிட்டுகளோடு வலப்பக்க இடத்திலிருந்து வந்த கேரியையும் சேர்த்து மூன்றைக் கூட்டுகிறோம். இந்த வேலையைச் செய்யும் சுற்றே முழுக்கூட்டி. உள்ளீடுகளை A, B, Cin என்றும் வெளியீடுகளை S, Cout என்றும் குறிப்போம்.

படி 1: சமன்பாடுகள். மூன்று உள்ளீடுகளில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் 1 இருந்தால் S=1 ஆகும்; இரண்டு எக்ஸார் கேட்டுகளை அடுத்தடுத்து வைத்தால் அதுவே கிடைக்கும். குறைந்தது இரண்டு உள்ளீடுகள் 1 ஆக இருந்தால் Cout=1.

```
P    = A XOR B
S    = P XOR Cin
Cout = (A AND B) OR (P AND Cin)
```

P என்பதை S, Cout இரண்டிற்கும் பயன்படுத்துவதால் ஐந்து கேட்டுகளே போதும். A, B இரண்டும் 1 எனில் P பூஜ்யமாகிவிடும். ஆகவே இரண்டு அண்ட் கேட்டுகளும் ஒரே நேரத்தில் 1 தருவதில்லை. இதனால் கடைசி ஆர் கேட்டுக்குப் பதிலாக எக்ஸார் வைத்தாலும் விடை மாறாது; பலகையில் ஆர் சிப் தீர்ந்துபோன வேளையில் இது கைகொடுக்கும்.

படி 2: கோத்தல். நான்கு முழுக்கூட்டிகளுக்கு எட்டு எக்ஸார், எட்டு அண்ட், நான்கு ஆர் தேவை. ஒவ்வொரு சிப்பிலும் நான்கு கேட்டுகள் இருப்பதால், 7486 இரண்டும் 7408 இரண்டும் 7432 ஒன்றும் போதும். ஐந்திலும் 14ஆம் பின்னை 5 வோல்ட்டிலும் 7ஆம் பின்னை கிரவுண்டிலும் இணைக்கவும். ஒவ்வொரு கூட்டியின் Cout-ஐயும் அடுத்த உயர் இடத்தின் Cin-உடன் சேர்க்கவும். வலக்கடைசிக் கூட்டியின் Cin-ஐ மறவாமல் கிரவுண்டில் இணைக்க வேண்டும்.

படி 3: ஒரு கணக்கு. 1011-ஐயும் 0110-ஐயும், அதாவது 11-ஐயும் 6-ஐயும் கூட்டுவோம். வலக்கடைசியில் 1+0, விடை 1, கேரி இல்லை. அடுத்து 1+1, விடை 0, கேரி 1. மூன்றாவதில் 0+1 உடன் கேரி சேர, மீண்டும் விடை 0, கேரி 1. நான்காவதிலும் 1+0 உடன் கேரி சேர்ந்து அதே நிலைதான். கடைசி Cout-ஐ முன்னால் வைத்துப் படித்தால் 10001, அதாவது 17.

படி 4: சோதனை. 1111 உடன் 0001-ஐக் கூட்டினால் கேரி நான்கு இடங்களையும் கடந்து 10000 வர வேண்டும். இரண்டாவது கூட்டிக்கும் மூன்றாவதுக்கும் இடையிலான கம்பி தவறுதலாகக் கிரவுண்டைத் தொட்டிருந்தால், கேரி அங்கேயே நின்று 01100 தெரியும். அந்தக் கம்பி எதையும் தொடாமல் கழன்றிருந்தாலோ 74LS வகைச் சிப்புகள் திறந்த உள்ளீட்டைப் பெரும்பாலும் 1 என்றே எடுத்துக்கொள்ளும் என்பதால், பிழை இருந்தும் இந்தச் சோதனை சரியான விடையையே காட்டிவிடும். எனவே 0000 உடன் 0000-ஐயும் கூட்டிப் பாருங்கள். அப்போது 0100 வந்தால் மூன்றாவது Cin-உம், 0001 வந்தால் முதல் Cin-உம் திறந்து கிடக்கிறது என்று கொள்ளலாம். 74HC வகையில் திறந்த உள்ளீடு எந்த மதிப்பையும் காட்டக்கூடும். விரலைக் கம்பியருகே கொண்டுசென்றாலே விடை மாறினால் அதுவே அடையாளம்.