டெலிவரி நேரத்தைச் சாலைவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

கும்பகோணத்திலிருந்து ஆன்லைனில் மளிகை அனுப்புபவர்களுக்கு ஒரு குறிப்பு. திருவிடைமருதூர் வழியாக ஆடுதுறைவரை பைக்கில் போய்வர, தெருச்சுற்றும் சேர்த்து 35 கிலோமீட்டர் என்று வையுங்கள். பெட்ரோல் 80 ரூபாய், பையனுக்கு அரைநாள் கூலி 250. ஆக ஒரு நடைக்கு 330. நான்கே ஆர்டர் என்றால் ஒன்றுக்கு 82 ரூபாய்க்கு மேல். பத்து என்றால் 33தான். 600 ரூபாய் மளிகையில் 12 சதவீதம் நின்றால் கையில் 72. அப்படியானால் ஐந்துக்குக் கீழே நடை நஷ்டம்.

அதனால் எல்லா ஊருக்கும் எல்லா நேரத்தையும் திறந்துவைக்காதீர்கள். ஆடுதுறைச் சாலைக்குக் காலை மட்டும், சுவாமிமலைப் பக்கம் மாலை மட்டும் என்று காட்டுங்கள். முதல்நாள் இரவு 9 மணிக்கு ஆர்டரை மூடினால்தான் ஒரே நடையில் சேர்க்க முடியும். ஐந்து சேராத நாளில் இரவே போன் செய்து மறுநாளைக்குக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், காலையில் சொன்னால்தான் கோபம் வரும்.

நம் பக்கத்தில் ஆறுதான் கணக்கைக் கெடுக்கும். வரைபடத்தில் அக்கரை வீடு ஒரு கிலோமீட்டர் போலத் தெரியும், பாலம் சுற்றினால் ஆறேழு ஆகிவிடும். ஆகவே பின்கோடை வைத்துச் சேர்க்காமல் கரையை வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். திட்டமிட்டதைவிட பைக் மீட்டர் தினமும் கூடினால், எங்கோ அக்கரை ஆர்டர் கலந்திருக்கிறது.